பொருளை மாற்றும்போது விலை வித்தியாசம்: ஒரே பில்லா, ரீஃபண்ட் செய்து புதுப் பில்லா, கிரெடிட் நோட்டா?

ஒருவர் காலணி வாங்கிப் போகிறார். நாலு நாள் கழித்து வந்து, இது வேண்டாம், அந்த மாடலைக் கொடுங்கள் என்கிறார். அந்த மாடலின் விலை வேறு. அதிகமாக இருந்தால் மீதியை வாங்க வேண்டும், குறைவாக இருந்தால் கொடுக்க வேண்டும். கேட்க ஒரு கழித்தல் கணக்கு போலத்தான் இருக்கிறது. பில் போடும் இடத்தில் சில வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், ராத்திரி கல்லாவை எண்ணும்போது கணக்கு இடித்தால் நான் முதலில் தேடுவது அன்றைக்கு யாராவது பொருள் மாற்றினார்களா என்பதைத்தான்.

இதைச் செய்ய மூன்று வழி உண்டு. ஒரே பில்லில் பழைய பொருளைக் கழித்து, புதுப் பொருளைச் சேர்த்து, வித்தியாசத்தை மட்டும் வாங்குவது அல்லது கொடுப்பது. பழையதை முழுதாக ரீஃபண்ட் செய்துவிட்டு, புதியதைத் தனியாக விற்பது. பழையதன் மதிப்புக்கு ஒரு கிரெடிட் நோட் கொடுத்து, அதை வைத்து புதியதை வாங்கச் சொல்வது. நாலாவதாக ஒன்றும் இருக்கிறது, எல்லாக் கடையிலும் நடப்பது: பொருளைக் கையால் மாற்றிக் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் கல்லாவில் போடுவது. அதைப் பிறகு திட்டுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். திரும்பி வந்த பொருளின் மதிப்பு எவ்வளவு? தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது, அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, எண்ணை மட்டும் பாருங்கள்.

ஒரு பை 1200, ஒரு ஜோடி காலணி 1800, மொத்தம் 3000. "3000 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 300 தள்ளுபடி" என்று ஒரு கூப்பன். ஆக 2700 கட்டியிருக்கிறார். அதில் 1000 கிஃப்ட் கார்டில், 1700 பேங்க் கார்டில். இப்போது பையை வைத்துக்கொண்டு, காலணியை மட்டும் 1500 விலையுள்ள வேறு காலணிக்கு மாற்றக் கேட்கிறார். வரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

டேக்கைப் பார்த்துச் சொல்பவர் 300 என்பார், 1800லிருந்து 1500 போனால் 300. பில்லைப் பார்ப்பவர், கூப்பனின் 300ஐ இரண்டு பொருளுக்கும் விலை விகிதத்தில் பிரிப்பார்: பைக்கு 120, காலணிக்கு 180. அப்படியென்றால் காலணிக்கு அவர் உண்மையில் கொடுத்தது 1620தான், திருப்பித் தர வேண்டியது 120. மூன்றாவது ஆள் கூப்பனின் நிபந்தனையைப் படிப்பார். முதலிலேயே இந்தக் காலணியை எடுத்திருந்தால் மொத்தம் 2700தானே வந்திருக்கும், 3000ஐத் தொடவில்லை, கூப்பனே செல்லாது, அவர் கட்டியதும் 2700, ஆகவே கொடுக்க ஒன்றுமில்லை. ஒரே மாற்றலுக்கு 300, 120, பூஜ்யம் என்று மூன்று விடை. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

இனி இதையே மறுபக்கம் திருப்புங்கள். 1500க்குப் பதில் 2100 விலையுள்ள காலணியைக் கேட்கிறார். கொடுத்த விலையை வைத்துப் பார்த்தால் 2100லிருந்து 1620 போக 480 வாங்க வேண்டும். முதலிலேயே இதை எடுத்திருந்தால் என்று மொத்தப் பில்லையும் மறுபடி போட்டால், 1200 கூட்டல் 2100 சமம் 3300, கூப்பன் போக 3000, ஏற்கனவே கட்டியது 2700, வாங்க வேண்டியது 300 மட்டும். வாடிக்கையாளர் இங்கே கேட்பார்: "அன்னைக்கே இதை எடுத்திருந்தா 300தானே கூட ஆகியிருக்கும், இப்ப ஏன் 480?" நியாயமான கேள்விதான். வாயை மூட வைக்கிற பதில் எதுவும் என்னிடம் இல்லை.

அதனால்தான் எது சரி என்பதைவிட, ஒரே விதியை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறோமா என்று பார்க்கிறேன். நான் பார்த்த ஒரு கடையில், விலை கூடினால் "நீங்க கொடுத்தது 1620தான்" என்று 480 வாங்குவார்கள், விலை குறைந்தால் "கூப்பன் செல்லாமப் போச்சு" என்று ஒன்றும் தரமாட்டார்கள். இரண்டு கணக்கும் தனித்தனியே பார்த்தால் சரி, சேர்த்துப் பார்த்தால் ஏமாற்று. மாற்ற வருகிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்பில்லை, அதுதான் அந்தக் கடைக்கு வசதி.

என் கணக்கு இது. அடிப்படை விதியாகக் கொடுத்த விலையை, அதாவது 1620ஐ, வைத்துக்கொள்வேன். பில்லிங் மென்பொருள் தள்ளுபடியை ஒவ்வொரு பொருளுக்கும் பிரித்து வைத்திருந்தால், அந்த எண் வாடிக்கையாளர் கையிலுள்ள பில்லிலேயே இருக்கும், வாதம் வராது. கூப்பன் இன்னும் காலாவதி ஆகாமல் இருந்து, அவர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டால், மொத்தப் பில்லையும் மறுபடி போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் நிபந்தனை உடைந்தால் கூப்பனைத் திரும்ப எடுப்போம் என்பது கூப்பனிலேயே எழுதியிருந்தால் ஒழிய, விலை குறையும்போது மட்டும் அதைக் கிளப்பக்கூடாது. டேக்குக்கு டேக் கழிப்பது மட்டும் எனக்கு ஒத்துவராது. 300 கொடுத்தால் புதுக் காலணி அவருக்கு 1320க்குப் போயிருக்கிறது, 1500 விலையுள்ள பொருளுக்கு யாரும் தீர்மானிக்காத 180 தள்ளுபடி.

டேக் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பொருளின் மதிப்பை அலமாரியில் இன்றைக்கு ஒட்டியிருக்கும் டேக்கிலிருந்து எடுக்காதீர்கள், பில்லிலிருந்து எடுங்கள். நாலு நாளில் விலை மாறியிருக்கலாம். புதுப் பொருளுக்கு இன்றைய விலை. ஒரே மாடலில் சைஸ் மட்டும் மாற்ற வந்தால் இரண்டு பக்கமும் பழைய விலையையே போட்டு வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கிவிடுவது நல்லது. சைஸ் பத்தாததற்கு அவரிடம் கூடக் கேட்பது அசிங்கம்.

சரி, மதிப்பு முடிவாயிற்று, 1620. இனி மூன்று வழிகளும்.

ஒரே பில்லில் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். பழைய பில்லைத் திறந்து அந்தக் காலணி வரியைத் தேர்ந்தெடுத்தால் கழித்தல் 1620 என்று ஒரு வரி விழும், புதியதை ஸ்கேன் செய்தால் கூட்டல் 1500 என்று இன்னொரு வரி. மீதி 120ஐக் கொடுத்தால் வேலை முடிந்தது. யாரும் காத்திருக்க வேண்டாம், கார்டுக் கட்டணம் வித்தியாசத்துக்கு மட்டும்தான், பழைய காலணி ஸ்டாக்கில் ஏறுகிறது, புதியது இறங்குகிறது. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஒரு நிபந்தனையோடு: அன்றைய அறிக்கையில் திரும்பி வந்தது 1620 என்றும், விற்றது 1500 என்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். விற்பனை கழித்தல் 120 என்று ஒரே எண்ணாகக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டதில் மாதக் கடைசியில் எத்தனை காலணி திரும்பி வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. புதிதாக மென்பொருள் வாங்குபவர் ஒரு மாற்றலைப் போட்டுக் காட்டச் சொல்லி, அன்றைய அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முழு ரீஃபண்ட், பிறகு புது விற்பனை என்பது கணக்காளர்களுக்குப் பிடித்தது. ஒவ்வொரு பில்லும் தன் காலில் நிற்கும், பிறகு எது திரும்பி வந்தாலும் குழப்பமில்லை. வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால்தான் வலிக்கும். 2100 காலணிக்கு மாற்றுகிறார் என்று வையுங்கள். 2100ஐ இப்போதே கட்ட வேண்டும், கார்டுக்குப் போகும் ரீஃபண்ட் அவர் கணக்கில் தெரிய பல நாள் ஆகலாம். கையில் 480 மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர் வெறுங்கையோடு போவார். வெளிநாட்டுக் கார்டாக இருந்தால் இன்னும் ஒரு சங்கடம். வாங்கிய நாள் மாற்று விகிதம் வேறு, திருப்பும் நாள் விகிதம் வேறு, கடை சரியான தொகையைத் திருப்பினாலும் அவருக்குக் குறைந்து போய்ச் சேரலாம், அந்தக் குறையைக் கடையின் தலையில்தான் போடுவார். கடைக்கும் செலவு உண்டு. ரீஃபண்ட் செய்தாலும் முதல் விற்பனையில் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தராத கார்டுச் சேவைகள் நிறைய, அப்புறம் புது விற்பனைக்கு முழுத் தொகையிலும் மறுபடி பிடிப்பார்கள்.

அப்படியும் இதைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு, தபாலில் அனுப்பும் விற்பனை. பழைய பொருள் வந்து சேர்ந்து, பிரித்துப் பார்த்து, அணிந்து நடந்த காலணி இல்லை என்று தெரியும் வரை புதியதை அனுப்ப மனம் வராது. அதற்குள் புதியது தீர்ந்துவிடலாம். அதனால் வாடிக்கையாளர் புதியதை இப்போதே தனி ஆர்டராக வாங்கிக்கொள்ள, பழையது வந்ததும் ரீஃபண்ட் போவது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. நேரில் வந்து நிற்பவரை இந்த வழியில் இழுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை, மென்பொருளில் வேறு வழி இல்லையென்றால் தவிர.

கிரெடிட் நோட்டுக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது: பழையது வேண்டாம், புதியது எது என்று இன்னும் முடிவாகவில்லை. 1620க்கு நோட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வார். ஆனால் புதுக் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, 120 மீதிக்காக ஒரு நோட்டைத் திணிப்பது என்ன நியாயம்? அந்த 120ஐச் செலவழிக்க அவர் மறுபடி வந்து, 120க்கு மேல் ஏதாவது வாங்க வேண்டும். கடைகள் இந்த வழியை விரும்புவதற்குக் காரணமும் அதுதான், மறந்துபோன நோட்டுகள். கணக்கில் இன்னொரு தப்பும் நடக்கும். நோட் கொடுப்பது கடன்பட்டிருப்பது, அது செலவாகும் வரை கடையின் பணம் இல்லை. 1620க்கு நோட் கொடுத்த அன்றே விற்பனையில் 1620 குறைய வேண்டும், நோட்டைக் கொண்டுவந்து வாங்கும் நாளில் முழு 1500ம் விற்பனையாக ஏற வேண்டும், நோட் அங்கே கார்டு, ரொக்கம் போல ஒரு கட்டணமுறை. நோட்டைத் தள்ளுபடியாகப் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் 1500 காலணி பூஜ்யத்துக்கு விற்றதாகப் பதிவாகும், வரியும் பூஜ்யமாகும்.

வரி என்றதும் நினைவு வருகிறது, இதுவரை அதை ஒதுக்கி வைத்திருந்தோம். ஒரே வரி விகிதம் என்றால் தொல்லை இல்லை, வித்தியாசத்தின் மேல் வரி போட்டாலும் விடை ஒன்றுதான். விகிதம் வேறானால் கதை மாறும். விலைகள் வரி சேராதவை, பழைய காலணிக்கு 5 சதவீதம், புதியது வேறு வகையில் விழுந்து 12 சதவீதம் என்று வையுங்கள். பழையது 1620 கூட்டல் 81, மொத்தம் 1701. புதியது 1500 கூட்டல் 180, மொத்தம் 1680. திருப்ப வேண்டியது 21. வித்தியாசமான 120க்கு 5 சதவீதம் சேர்த்து 126 கொடுத்தவர் 105 கூடுதலாகக் கொடுத்துவிட்டார், அதாவது 1500ன் மேல் விட்டுப்போன 7 சதவீதத்தைக் கையிலிருந்து கட்டியிருக்கிறார். இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக வரி போட்டு, கடைசியில்தான் கழிக்க வேண்டும். பழைய பொருளுக்கு வாங்கிய நாளின் விகிதம், புதியதற்கு இன்றைய விகிதம். ஒரே பில்லில் பழையதும் புதியதும் தனித்தனியாக விழுவது நல்லது என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

இனி, கொடுக்க வேண்டிய அந்த 120ஐ (வரியை மறுபடி ஓரமாக வையுங்கள்) எதில் கொடுப்பது? கல்லாவைத் திறந்து ரொக்கமாக நீட்டுவது சுலபம், கூடாது. அவர் ரொக்கமாகக் கட்டவில்லை. கார்டில் கட்டியது அதே கார்டுக்குத்தான் போக வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் பொது விதி, அதுவும் கார்டில் எடுத்த தொகைக்கு மேல் போகக்கூடாது. இவரோ இரண்டில் கட்டியிருக்கிறார். விகிதப்படி பிரித்தால் கிஃப்ட் கார்டுக்கு 44.44, பேங்க் கார்டுக்கு 75.56. சரிதான், ஆனால் யாரும் சந்தோஷப்படாத எண்கள். கிஃப்ட் கார்டில் கட்டிய அளவு வரை முதலில் அங்கே, அதற்கு மேல் பேங்க் கார்டுக்கு என்று வைத்துக்கொண்டால் எளிது. 120 முழுக்க கிஃப்ட் கார்டுக்குப் போகும். 1620 முழு ரீஃபண்ட் என்றால் 1000 கிஃப்ட் கார்டுக்கு, 620 பேங்க் கார்டுக்கு. காலியான கிஃப்ட் கார்டை அவர் என்றைக்கோ குப்பையில் போட்டிருப்பார், அதனால் புதுக் கார்டில் 120 ஏற்றிக் கொடுக்கத் தயாராக இருங்கள்.

வித்தியாசத்தை வாங்கும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை, 480ஐ எதில் வேண்டுமானாலும் கட்டலாம். அங்கேதான் ஒரு பொறி. 2100 காலணிக்கு மாற்றி, 480ஐ ரொக்கமாகக் கட்டிப் போனவர், மூன்று நாள் கழித்து அதையும் திருப்பித் தருகிறார், வேறு எதுவும் வேண்டாம், பணம் போதும் என்கிறார். கையில் புதுப் பில். அதில் இருக்கும் ஒரே கட்டணம் ரொக்கம் 480. அவசரத்தில் பில் போடுபவர் "ரொக்க பில்" என்று 2100ஐயும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். 1620 கிஃப்ட் கார்டிலும் பேங்க் கார்டிலும் வந்தது, அதைக் கையில் ரொக்கமாக மாற்றிக் கொடுத்திருக்கிறோம். திருட்டு கார்டு வைத்திருப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டாம்: கார்டில் ஒன்றை வாங்கு, கொஞ்சம் விலை கூடியதற்கு மாற்று, சில்லறையை ரொக்கமாகக் கட்டு, பிறகு மொத்தத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போ. கார்டின் உண்மையான சொந்தக்காரர் புகார் செய்ததும் பேங்க் அந்தத் தொகையைக் கடையிடமிருந்து பிடித்துக்கொள்ளும். நான் வேலை செய்த ஓரிடத்தில் இது நடந்த பிறகுதான் எங்களுக்கே புரிந்தது. சரியான கணக்கு 480 ரொக்கம், 1000 கிஃப்ட் கார்டு, 620 பேங்க் கார்டு.

ஒரே பில் வழியின் பலவீனம் இதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன். முழு ரீஃபண்ட் வழியில் இந்தச் சிக்கல் வரவே வராது. ஆனாலும் சரிசெய்ய முடிந்ததுதான்: மாற்றல் பில்லில் பழைய பில் எண் இருக்க வேண்டும், திரும்பி வரும்போது அந்த எண்ணைப் பிடித்து முதல் பில்லுக்குப் போய், எதில் கட்டினார் என்று பார்க்க வேண்டும். நல்ல மென்பொருள் தானே செய்யும். செய்யாதது என்றால் பேனாவால் பில் மேல் எழுதிவிடுங்கள்.

நாலாவது வழியைத் திட்டுகிறேன் என்றேன். பொருளைக் கையால் மாற்றிவிட்டு, 480ஐ "இதர விற்பனை" என்று போடுவது. அன்று ராத்திரி கல்லா சரியாக இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டாக் எண்ணும் நாளில்தான் 1800 காலணி ஒன்று கூடுதலாகவும் 2100 காலணி ஒன்று குறைவாகவும் இருக்கும், ஜோடியாக இப்படி ஒன்று கூடி ஒன்று குறைந்தால் திருட்டைத் தேடாதீர்கள், கையால் மாற்றியிருக்கிறார்கள். அதைவிட மோசம், வாடிக்கையாளரிடம் இருப்பது பழைய காலணியின் பில்லும் 480க்கு ஒரு இதர பில்லும்தான். புதுக் காலணி பழுதானால், அதை இந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று காட்ட அவரிடம் ஒரு வரிகூட இல்லை.